எந்தச் சுடலைமுத்து? எங்கள் பக்கத்து அடையாளப் பேர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் களக்காட்டுக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் இருக்கிறது. பெரிய ஊர் இல்லை. கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி எழுதும் நோட்டு பதினோரு வருஷமாக என் கையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கொடை முடிந்ததும் சென்னை, மும்பை, கோயம்புத்தூர் என்று வெளியில் இருக்கும் நம்ம பிள்ளைகள் போன் போட்டு ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரே ஊருக்குள்ள எப்படி அண்ணாச்சி இத்தனை சுடலைமுத்து?

தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிறோம், அதனால்தான். பேரன் என்ற சொல்லே அவர் பெயரைத் தாங்குகிறவன் என்பதில் இருந்து வந்தது. ஒரு சுடலைமுத்துத் தாத்தாவுக்கு மாடசாமி, இசக்கிமுத்து, பேச்சிமுத்து என்று மூன்று மகன்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேருமே தலைப்பிள்ளைக்கு அப்பா பேரை வைப்பார்கள், வைக்காவிட்டால் வருத்தம் வந்துவிடும். ஆக, ஏழெட்டு வருஷத்துக்குள் அடுத்தடுத்த வீட்டில் மூன்று சுடலைமுத்து. மகள் வீட்டில் இரண்டாவது பையனுக்கு அம்மாவழித் தாத்தா பேர் வைத்தால் நாலாவதும் வந்துவிடுவான். இது ஒரு குடும்பம் மட்டும். ஊரில் பாதிப் பேருக்குக் குலதெய்வம் சுடலைமாடன், இசக்கியம்மன், பேச்சியம்மன் என்று இந்த நாலைந்துக்குள்ளேயே சுற்றுவதால் பக்கத்துக் குடும்பத்திலும் இதே பேர்கள்தான் இருக்கும்.

அதுக்குத்தானே இனிஷியல் இருக்கு?

கூடப் பிறந்தவர்களின் பிள்ளைகளைப் பிரிக்க இனிஷியல் போதும். மா. சுடலைமுத்து, இ. சுடலைமுத்து, பே. சுடலைமுத்து என்று எழுதிவிடலாம். ஆனால் தாத்தா பேர் வைக்கும் வழக்கத்தில் பேர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வரும். மாடசாமி மகன் சுடலைமுத்து, அவர் மகன் மாடசாமி, அவன் மகன் சுடலைமுத்து. இப்போது தாத்தாவும் மா. சுடலைமுத்து, பேரனும் மா. சுடலைமுத்து, இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருப்பார்கள். பக்கத்துத் தெருவில் சம்பந்தமே இல்லாத இன்னொரு குடும்பத்தில் மூன்றாவதாக ஒரு மா. சுடலைமுத்துவும் இருப்பார். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் வாத்தியார் 1, 2 என்று நம்பர் போட்டதும் இதனால்தான். ஊருக்குள் நம்பர் போட்டு யாரும் கூப்பிட முடியாதே, அதற்குத்தான் அடைமொழி.

சரி, உங்க ஊர்ல அவங்களை எப்படித்தான் பிரிக்கிறீங்க?

போன கொடைக்கு எழுதிய நோட்டில் சுடலைமுத்து என்ற பேரில் ஐந்து தலைக்கட்டு இருந்தது. அவர்களைப் பற்றியே சொல்லிவிடுகிறேன்.

முதல் ஆள் கொத்தனார் சுடலை. இன்றைக்கும் கரண்டி பிடிக்கிறவர், குழப்பமே இல்லை. இரண்டாவது கிணத்து வீட்டு முத்து. தெருவுக்கே குடிதண்ணீர் கொடுத்த கிணறு அவர்கள் வாசலில் இருந்தது, குழாய் வந்தபிறகு அதைத் தூர்த்து மேலே சிமெண்டுத் தளம் போட்டுவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் அந்தக் கிணற்றைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் 'கிணத்து வீட்டுக்குப் போயிட்டு வாறேன்' என்றுதான் சொல்கிறார்கள். மூன்றாவது ஆள் இலைக்கடை சுடலைமுத்து, வாழை இலைக் கட்டு வாங்கி வெளியூருக்கு ஏற்றி விடுகிறவர். நாலாவது குடியிருப்புச் சுடலை. ஊருக்கு வடக்கே குளத்தங்கரை தாண்டி இருபது இருபத்தைந்து வீடு தனியாகக் கிடக்கிறது, அதற்குக் குடியிருப்பு என்று பேர், அங்கே இருந்து வருகிறவர் இவர். ஐந்தாவது பம்பாய் முத்து. அவர் அங்கே போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஊர்ப் பேரை மும்பை என்று மாற்றியும் வெகுநாள் ஆகிவிட்டது, இவர் மட்டும் பம்பாய்தான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். முழுப்பேரும் எல்லாருக்கும் வரவில்லை. ஒருத்தர் சுடலை, ஒருத்தர் முத்து, ஒருத்தர்தான் முழு சுடலைமுத்து. பேரை எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்பதும் பாதி அடையாளம். பம்பாய் முத்துவை 'பம்பாய்ச் சுடலை' என்று நீங்கள் சொன்னால் கேட்கிறவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, 'யாரு, நம்ம முத்தா?' என்று திருப்பிக் கேட்பார்.

ஒரே ஆளுக்கு நாலு அடைமொழி சொல்றாங்களே, எது சரியானது?

எல்லாமே சரிதான். யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார் என்பதைப் பொறுத்து மாறும். அதே கொத்தனார் சுடலையை அவர் தெருவில் 'மாடசாமி மூத்த மவன்' என்பார்கள், ஏனென்றால் தெருவுக்குள் அப்பாவைத் தெரியாதவர் இல்லை. ஊர்ப் பொதுவில் கொத்தனார். குடியிருப்பு ஆட்களுக்கு அவர் 'ஊருக்குள்ள இருக்க கொத்தனார்', அவர்களுக்கென்று அங்கே வேறு ஒரு கொத்தனார் இருக்கிறார். களக்காட்டுச் சந்தையில் போய் நின்றால் இது எதுவும் செல்லாது, ஊர்ப் பேரைச் சொல்லி 'அந்த ஊர்க்காரர்' என்பார்கள். சென்னைக்குப் போய்ப் பலசரக்குக் கடை வைத்தால் ஊரும் போய்விடும், வெறும் அண்ணாச்சி.

கேட்கிறவருக்கு எந்த வட்டம் வரைக்கும் தெரியுமோ, அந்த வட்டத்துக்குள் வேறு யாருக்கும் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. நாதஸ்வர வித்வான் அருணாசலத்தை உலகம் முழுக்க காருகுறிச்சி அருணாசலம் என்று சொன்னது கச்சேரி கேட்கிறவர்கள் ஊர் ஊராக இருந்ததால்தான். காருகுறிச்சிக்குள்ளேயே நின்றுகொண்டு காருகுறிச்சி அருணாசலம் என்று சொன்னால் அதில் ஒரு அடையாளமும் இல்லையே.

மேலவீடு, கீழவீடுன்னா மேட்டுல இருக்கதும் பள்ளத்துல இருக்கதுமா?

இல்லை. மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. மலை மேற்கே இருக்கிறது, தண்ணீர் கிழக்கே ஓடுகிறது, அதனால் இரண்டும் நம்ம பக்கம் ஒன்றாகிவிட்டது. மேலப்பாவூர் கீழப்பாவூர், மேலநத்தம் கீழநத்தம் எல்லாம் இதே கணக்குதான். கீழத்தெரு என்று எழுதியதும் மட்டம் தட்டுகிறார்கள் என்று ஒரு தம்பி கோபப்பட்டான், அவனுக்காகச் சொன்னேன்.

தொழிலை விட்டு ரெண்டு தலைமுறை ஆச்சு, இன்னும் ஏன் அந்தப் பேரு?

தொழில் பேர் அந்த ஆளோடு முடியாது. அப்பா டெய்லர் என்றால் பையன் 'டெய்லர் மவன்', அவன் பிள்ளை 'டெய்லர் பேரன்'. மூன்றாவது தலைமுறையில் மவனும் பேரனும் உதிர்ந்து 'டெய்லர் வீடு' என்று நின்றுவிடும். அதற்குப்பிறகு அது தொழில் பேர் இல்லை, வீட்டுப்பேர். வீட்டுப்பேர் ஆனதும் அதற்கு ஆயுசு கெட்டி. அந்த வீட்டில் இன்று ஒரு என்ஜினியரும் ஒரு நர்சும் இருக்கலாம், தையல் மிஷின் இருந்த இடத்தில் வாஷிங் மிஷின் இருக்கலாம், வீடு டெய்லர் வீடுதான்.

ஒரு வீட்டுப்பேர் மாறுவதை நான் இரண்டு விதமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒன்று, அதே வட்டத்துக்குள் இன்னொருத்தர் அதே தொழிலுக்கு வருவது. புது டெய்லர் ஒருத்தர் கடை போட்டதும் பழையவர் 'பழைய டெய்லர் வீடு' ஆனார், கொஞ்ச நாளில் அதுவும் நீளம் என்று ஆகி வாசலில் நின்ற புளியமரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னொன்று, வீட்டை விற்றுவிட்டுப் போவது. அப்போது பேர் ஆட்களோடு போகுமா, சுவரோடு நிற்குமா என்பது பேரைப் பொறுத்தது. தொழில் பேர் ஆளோடு போகும். கிணறு, மாடி, காரைவீடு, வேப்பமரம் மாதிரிப் பேர் இடத்தோடு நிற்கும், வாங்கி வந்தவர் ஒரு பத்து வருஷத்தில் அந்தப் பேரை எடுத்துக்கொள்வார். உடம்பை வைத்து வந்த பேர்கள், அதாவது நெட்டை, செவத்த, மீசை மாதிரி, பெரும்பாலும் அந்த ஆளோடு முடிந்துவிடும். மகனும் மீசை வைத்தால் வேறு கதை.

பொம்பளையாளுக்கு எப்படி? அவங்களுக்கும் இதே மாதிரி உண்டா?

உண்டு, வழி வேறு. வேறு ஊரில் இருந்து வாழ வந்தவர்களுக்குப் பிறந்த ஊர்தான் முதல் அடையாளம். எங்கள் தெருவில் மூன்று பேச்சியம்மாள். ஒருத்தர் நாங்குநேரிக்காரி, ஒருத்தர் பாவூர்க்காரி, மூன்றாவது உள்ளூரிலேயே பிறந்து உள்ளூரிலேயே வாக்கப்பட்டவர் என்பதால் அவருக்கு ஊர் அடைமொழி உதவாது, அப்பா வீட்டை வைத்துத் 'தட்டட்டி வீட்டுப் பேச்சி'. கல்யாணம் ஆகி நாற்பது வருஷம் ஆனாலும் அவர் மாமியார் வீட்டு அடைமொழிக்கு மாறவே இல்லை. வயசு ஏற ஏற அதுவே நாங்குநேரி மதினி, நாங்குநேரி ஆச்சி என்று போகும், பேச்சியம்மாள் என்பது ரேஷன் கார்டில் மட்டும் இருக்கும்.

அடைமொழிகளை அதிகம் வளர்த்துவிட்டதே பெண்கள்தான் என்பது என் எண்ணம். பழைய ஆட்கள் புருஷன் பேரையும் மாமனார் பேரையும் வாயால் சொல்ல மாட்டார்கள். மாமனார் பேரையே மகனுக்கு வைத்துவிட்டால் பெற்ற பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. 'ராசா', 'பெரியவன்', 'ஐயா' என்று எதையாவது சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அப்படி வந்தது பிறகு நிலைத்துவிடும். எங்கள் ஊரில் அறுபது வயசைத் தாண்டிய ஒரு 'தம்பி' இருக்கிறார். அவர் பேரனும் அவரைத் தம்பித் தாத்தா என்கிறான்.

நொண்டி, ஒத்தக்கண்ணுன்னு எல்லாம் சொல்றது தப்பில்லையா?

தப்புதான். ஆனால் இருக்கிறது, இல்லை என்று நான் சொன்னால் பொய். பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மனின் தம்பி குமாரசாமிக்குப் பேச்சு சரியாக வராது, அதனால் அவர் பேரே ஊமைத்துரை ஆகிவிட்டது. 1801-ல் அவரைத் தூக்கிலிட்டார்கள், இன்றைக்கும் குமாரசாமி என்றால் பலருக்குத் தெரியாது.

எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்பதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். அந்த ஆள் போனில் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்? 'நான் கிணத்து வீட்டு முத்து பேசுதேன்' என்று அவரே சொன்னால் அது நோட்டில் ஏறும். அவர் முதுகுக்குப் பின்னால் மட்டும் ஓடுகிற பேர் என்றால் ஏறாது, ஊர் முழுக்க அதைத்தான் சொன்னாலும் சரி.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். நோட்டு என் கைக்கு வந்த முதல் வருஷம், முந்தைய ஆள் எழுதியிருந்ததை அப்படியே பார்த்து எழுதிவிட்டேன். சாமக்கொடைக்கு முன்னால் நன்கொடை கொடுத்தவர்கள் பேரை மைக்கில் வாசித்த பையன் வெளியூரில் படிக்கிறவன், நோட்டில் இருந்ததை ஒரு எழுத்து விடாமல் வாசித்தான். பெண் கொடுத்த சம்பந்தி வீட்டார் முன்வரிசையில் இருக்கிறார்கள், இவர் கேலிப்பேர் குழாயில் போகிறது. அவர் சத்தம் போடவில்லை. எழுந்து வந்து, கொடுத்த இரண்டாயிரம் ரூபாயை என் மேஜையில் இருந்து திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவர் வீட்டு வாசலில் போய் நின்றது நான்தான். இப்போது அவர் பேர் நோட்டில் தெருவை வைத்து இருக்கிறது.

'எந்தத் தெரு'ன்னு கேட்டா சிலர் முறைக்கிறாங்களே, ஏன்?

முறைக்கத்தான் செய்வார்கள். நம்ம பக்கத்து ஊர்களில் பல இடத்தில் தெரு என்பது சாதி. வெளியாள் ஒருத்தர் முதல் கேள்வியாகத் தெருவைக் கேட்டால், ஆளைக் கண்டுபிடிக்கக் கேட்கிறாரா, சாதியைக் கண்டுபிடிக்கக் கேட்கிறாரா என்று கேட்கப்பட்டவருக்கு உடனே தெரியும். நிஜமாகவே ஆளைத் தேடுகிறீர்கள் என்றால் தொழிலையோ, பக்கத்தில் இருக்கும் கடையையோ, அவர் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதையோ சொல்லித் தேடுங்கள். அடையாளத்துக்குச் சாதிப் பேரைச் சேர்ப்பது எதற்குமே உதவாது, ஒரு தெருவில் எல்லாருக்கும் அதுதானே.

வரிப் பணம் ஜிபே-ல போட்டேன், வேற சுடலைமுத்துக்குப் போயிட்டு. என்ன செய்ய?

இந்த ஒரு வருஷத்தில் மட்டும் மூன்று பேர் இதைக் கேட்டுவிட்டார்கள். நடப்பது இதுதான். பணம் அனுப்பும் முன் திரையில் வருவது பாங்கில் பதிந்த பேர். அதில் கொத்தனாரும் வராது, கிணறும் வராது, வெறும் SUDALAIMUTHU M என்று நிற்கும், நீங்களும் பேர் சரியாக இருக்கிறதே என்று அனுப்பிவிடுவீர்கள். உங்கள் போனில் ஐந்து பேரையும் சுடலை, சுடலை 2, சுடலை புது நம்பர் என்று பதிந்து வைத்திருந்தால் தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. அடைமொழியை முதலில் போட்டு, 'கிணறு சுடலைமுத்து', 'கொத்தனார் சுடலை' என்று பதியுங்கள். முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று பேசிக் கேட்டுவிட்டு மீதியைப் போடுங்கள். தப்பாகப் போயிருந்தால் வாங்கியவரிடம் நேரே பேசுங்கள், நம்ம ஊர் ஆள்தானே, திருப்பிக் கொடுப்பார். மறுத்தால்தான் பாங்குக்குப் போக வேண்டும், அது இழுக்கும்.

வரியோ மொய்யோ, நோட்டில் நான் எழுதும் வரிசையையும் சொல்கிறேன், கல்யாண வீட்டில் மொய் எழுத உட்காருகிறவர்களுக்கு உதவும். முதலில் ஊர் அல்லது குடியிருப்பு, அடுத்து அடைமொழி, பிறகு இனிஷியலோடு பேர், கடைசியில் தொகை. மொய் நோட்டை நீங்கள் திரும்பத் திறப்பது பத்துப் பதினைந்து வருஷம் கழித்து, அவர் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்று பார்க்க. அன்றைக்கு 'சுடலைமுத்து 501' என்று மட்டும் இருந்தால் ஐந்து பேரில் யார் என்று எப்படிச் சொல்வீர்கள்? எங்கள் அக்கா கல்யாண நோட்டில் அப்படி ஒரு வரி இருந்தது. ஐந்து வீட்டுக்குமே 501 செய்துவிட்டு வந்தார் எங்கள் அப்பா.

ஆதார், பத்திரத்துல எல்லாம் இந்த அடைமொழியைச் சேர்த்துக்கலாமா?

புதிதாகச் சேர்க்காதீர்கள். ஒரு அட்டையில் ஒரு பேர், இன்னொன்றில் வேறு பேர் என்று ஆனால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று பிரமாணப் பத்திரம் எழுதிக்கொண்டு அலைய வேண்டி வரும். சர்க்கார் காகிதத்தில் ஆளைப் பிரிப்பதற்கு அப்பா பேர், பிறந்த தேதி, கதவு எண் எல்லாம் இருக்கிறது, நிலத்துக்கு சர்வே எண்ணும் உட்பிரிவும் இருக்கிறது.

ஆனால் பழைய பத்திரங்களில் அடைமொழி இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள், கவனமாகப் படியுங்கள். இரண்டு இடத்தில் வரும். ஒன்று, 'சுடலைமுத்து என்ற முத்து' என்று எழுதிக் கொடுத்தவர் பேரிலேயே, சில இடத்தில் (எ) என்று மட்டும் போட்டிருப்பார்கள். இன்னொன்று நான்குமாலில், அதாவது நிலத்தின் நாலு எல்லையைச் சொல்லும் இடத்தில், 'இலைக்கடை சுடலைமுத்து புஞ்சைக்கு மேற்கு' என்கிற மாதிரி. பத்திரம் எழுதியவர் உள்ளூர் ஆளாக இருந்தால் அடைமொழி இல்லாமல் எல்லை சொல்லவே வராது. எங்கள் சித்தப்பா வயலுக்கு ஒருமுறை தகராறு வந்தபோது, பட்டாவில் மா. சுடலைமுத்து என்று மட்டும் இருந்தது, தாத்தாவா பேரனா அல்லது அடுத்த தெருக்காரரா என்று மூன்று தரப்பும் ஆளுக்கு ஒன்று சொன்னது. பக்கத்து வயலின் பத்திரத்தை வாங்கிப் பார்த்தோம். அதன் கிழக்கு எல்லையில் 'கொத்தனார் மாடசாமி மகன் சுடலைமுத்து நஞ்சை' என்று இருந்தது. அடுத்த தெரு மாடசாமி கொத்தனார் இல்லை, அவர் அன்றே போய்விட்டார். பத்திரத்தின் வருஷத்தைப் பார்த்தால் பேரன் அப்போது பிறக்கவே இல்லை. இது கோர்ட்டில் எவ்வளவு நிற்கும் என்பதை வக்கீலிடம் கேளுங்கள், ஊர்ப் பேச்சில் அன்றைக்கே முடிந்தது.

எங்க வீட்டுப்பேருக்கு அர்த்தமே தெரியல, யாருகிட்ட கேக்க?

உங்கள் வீட்டில் கேட்காதீர்கள், அங்கே கௌரவமான ஒரு கதை தயாராக இருக்கும். இரண்டு வீடு தள்ளி இருக்கும் எண்பது வயசு ஆச்சியிடம் கேளுங்கள், வெத்திலை வாங்கிக்கொண்டு போங்கள். கொழும்பு, பர்மா, மிலிட்டரி என்று பேர் இருந்தால் யாரோ ஒருத்தர் போய் வந்திருக்கிறார், வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். பழைய வரி நோட்டு கிடைத்தால் அதில் உங்கள் தாத்தா பேருக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், அதற்கு முந்தைய நோட்டில் வேறு ஏதாவது இருந்தால் அந்த இரண்டு நோட்டுக்கும் நடுவில்தான் பேர் மாறியிருக்கிறது. என்னிடம் இருப்பதில் பழையது இரண்டுதான், கரையான் அரித்தது போக மிச்சம் உள்ள பக்கங்களைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். வேண்டுகிறவர்கள் கொடைக்கு வரும்போது கேளுங்கள், கேட்கும்போது எந்த வீடு என்று சொல்லிவிடுங்கள்.